இடது பக்கத்து பர்னர்

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பூங்காவனம் அக்கா என் எடிட்டிங் அறைக்குள் நுழைந்தபோது, சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் தயாராகிவிட்டேன். எனக்குக் கோபம் வரப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம். பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்த தெருவில், டயர் கடை மாடியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கல்யாண வீடியோ வெட்டுகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்.

அவர் யார் என்று எனக்குத் தெரியும். திருமழிசை தொழிற்பேட்டையில் கேஸ் அடுப்புக்கு பர்னர் வார்க்கும் சின்னப் பட்டறை அவருடையது. எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆறு காது வைத்த மாதிரி இருக்கும் அந்த பர்னரை இந்தப் பக்கம் வேறு யாரும் வார்ப்பதில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் நான் எடுத்த விளம்பரத்தில் இடது பக்கம் எரிந்தது அதுதான்.

விளம்பரம் பரந்தாமனுக்காக எடுத்தது. அவரும் அதே பேட்டையில் பர்னர் செய்கிறவர், கொஞ்சம் பெரிய கை. முப்பது செகண்ட் விளம்பரம். திரையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் ‘சாதாரண பர்னர்’, வலது பக்கம் பரந்தாமன் பர்னர். இரண்டிலும் தண்ணீர் வைத்த பாத்திரம். மேலே ஓடும் டைமர். வலது பக்கம் ஐந்து நிமிடம் ஐம்பத்திரண்டு செகண்டில் தளதளவென்று கொதித்துவிடும். இடது பக்கம் பன்னிரண்டு நிமிடம் பதினாறு செகண்ட் ஆகும். ‘பாதி நேரம் போதும்’ என்று எழுத்து வரும். அதைப் பார்த்துவிட்டுப் பரந்தாமன் தன் அட்டைப்பெட்டியிலும் அதையே அச்சடித்துவிட்டார்.

அந்த விளம்பரத்தில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது. ஊரில் வருகிற ஒப்பீட்டு விளம்பரம் எல்லாம் ஏமாற்று. இடது பக்கம் மங்கலான விளக்கு, வலது பக்கம் பளிச்சென்று. இடது பக்கம் குளிர்ந்த தண்ணீர், வலது பக்கம் வெந்நீர். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை. கடையில் பில் போட்டு வாங்கிய பர்னர். இரண்டுக்கும் ஒரே பாத்திரம், ஒரே மூடி, ஒரே சிலிண்டர், அளந்து ஊற்றிய இரண்டு லிட்டர் தண்ணீர். ஒன்று முடிந்ததும் பாத்திரத்தை முழுக்க ஆறவைத்து, அதே குடத்துத் தண்ணீரில் அடுத்தது. எடிட்டிங்கிலும் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி இருபத்தைந்து மடங்கு வேகமாக்கினேன். அதையெல்லாம் திரையின் அடியில் எழுதியும் போட்டேன். நியாயத்துக்குச் சிலை வைத்தால் என் முகத்தைத்தான் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அக்கா சண்டைக்கு வரவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு அலுமினியப் பாத்திரத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

“கண்ணு, நீ எடுத்த வீடியோவ முப்பது நாப்பது தபா பார்த்துட்டேன். எம் பட்டறைல வச்சுப் பார்த்தா ஆறு நிமிஷம் சொச்சத்துல கொதிக்குது. நான் இன்னா தப்பு பண்றேன்னு புரியல. தண்ணி கம்மியா ஊத்துறனா, பாத்திரம் மெல்லிசா கீதா, இத்த பார்த்துச் சொல்லேன்.”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “பரந்தாமன் மேல கோபம் இல்லையாக்கா?”

“அவன் மேல இன்னாத்துக்குக் கோபம்? அவன் சரக்கு நல்லாகீது, விக்கிறான். கடைக்காரங்க எல்லாம் செல்லுல உன் வீடியோவக் காட்டிட்டு, உம் பர்னர் வேணாம்னுட்டாங்க. இருவத்திரண்டு வருசமா ஜனங்க கேஸ வீணாக்குற சாமான வித்துகினு இருந்துருக்கேனேன்னுதான் கஷ்டமா கீது.” பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். “அச்ச இரும்புக்குப் போடலாம்னு கீறேன். பழைய இரும்பு எடுக்குற யூசுப் பாய் நாளைக்குக் காலைல வரேன்னாரு. அதுக்கு முன்னாடி ஒரு தபா கேட்டுப் பார்ப்போம்னு வந்தேன். எங்க தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கலாமில்ல.”

அச்சு என்றால் உலோகத்தை உருக்கி ஊற்றும் இரும்பு அச்சு. அது போனால் ஆறு காது பர்னர் என்று ஒன்று கிடையாது. அவருடைய கணவர் உயிரோடு இருந்தபோது தானே கடைந்து செய்தது அது என்று அவர் அப்புறம்தான் சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்று மாலைக்குள் ஒரு நிச்சயதார்த்த வீடியோ கொடுக்க வேண்டியிருந்தது. “கேமரா பொய் சொல்லாதுக்கா. எதுக்கும் முழு வீடியோவ இன்னொரு தடவ பார்த்துட்டு போன் பண்றேன்” என்று நம்பரை வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தேன். பாத்திரத்தைத் திரும்பப் பைக்குள் வைத்து, பத்திரமாக முடிச்சுப் போட்டுக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது. பரந்தாமன் ஃபைலைத் திறந்தேன்.

வலது பக்கத்தை நான் எடுத்திருந்தேன். எனக்கு ஆவடியில் ஒரு வரவேற்பு இருந்ததால் என் கேமராவோடு கிளம்பிவிட்டேன். இடது பக்கத்தை இரண்டாவது கேமராவில் கிரண் எடுத்தான். என்னோடு ஏழு வருடமாக வேலை செய்கிற ஒளிப்பதிவாளன். வேகமாக்காத காட்சியை ஓடவிட்டேன். நீலத் தீ எரிந்தது. ஒரு நிமிடத்துக்குப் பிறகு கிரண் கேமராவைத் தாண்டி வெளியே போனான்.

அவன் நடக்கவில்லை. மிதந்தான். மாலை போட்டு மணமேடைக்கு வருகிற பெண் மாதிரி, ஒரு காலைத் தூக்கி, யோசித்து, கீழே வைத்தான்.

எங்களைப் போன்ற கல்யாணக்காரர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும். இரண்டாவது கேமராவை எப்போதும் நொடிக்கு ஐம்பது படம் என்று வைத்திருப்போம். எடிட்டிங்கில் அதை நொடிக்கு இருபத்தைந்தாக விரித்தால் எல்லாம் பாதி வேகத்தில் வழுக்கிக்கொண்டு வரும். பெண் வீட்டார் உருகிப்போவார்கள். ஒவ்வொரு தடவையும் செய்யச் சோம்பல்பட்டு, இரண்டாவது கேமரா ஃபோல்டரில் போடுவதெல்லாம் தானாகவே விரிந்து, சத்தமும் நீங்குகிற மாதிரி ஒரு அமைப்பு செய்து வைத்திருக்கிறேன். பர்னர் விளம்பரத்தையும் அந்தக் கல்யாண அமைப்பிலேயே திறந்து வெட்டியிருக்கிறேன். இருபத்தைந்து மடங்கு வேகமாக்கியது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆனால் இடது பக்கம் அதற்கு முன்பே பாதியாகத் தூங்கிப்போயிருந்தது.

கேமரா எழுதிய மூல ஃபைலைத் தனியாகத் திறந்தேன். பற்றவைத்ததிலிருந்து கொதி வரும்வரை ஆறு நிமிடம் எட்டு செகண்ட்.

மறுபடி பார்த்தேன். ஆறு எட்டுதான். பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நிஜக் கடிகாரம் இருந்திருந்தால், அதன் முள் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்த நிமிடமே மாட்டியிருப்பேன். கடிகாரம் இருந்தது. அதில் ஏதோ பைப் கடையின் பெயர் இருந்ததென்று நான்தான் அங்கிருந்து அகற்றச் சொன்னேன். அதற்குப் பதிலாக எடிட்டிங்கில் நானே ஒரு டைமரைச் செய்து, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக மேலே ஒட்டினேன். அது நான் சொன்னதைச் சொல்லும். வேறென்ன செய்யும்.

கிரணைக் கூப்பிட்டு, “நீ எடுக்கும்போது எவ்வளவு நேரம் ஆச்சுடா?” என்றேன். “கவனிக்கலக்கா. வெளில போன் பேசிகினு இருந்தேன். அதான் வீடியோவுல கீதேன்னு வுட்டேன்” என்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை.

அப்போதே பூங்காவனம் அக்காவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். நம்பர் மேசைமேலேயே இருந்தது. நான் பரந்தாமனுக்குப் போட்டேன்.

நடந்ததைச் சொன்னேன்.

“அப்போ நம்மளுது பாதி நேரம் இல்லியா?” என்றார் பரந்தாமன். குரல் சின்னதாகிவிட்டது. பாவம், அவரும் நம்பித்தான் இருந்திருக்கிறார்.

“இல்லண்ணே. பதினாறு செகண்ட்தான் வித்தியாசம். அதையும் ஒரு தடவ வச்சுப் பார்த்துட்டுச் சொல்லக் கூடாது. நாலஞ்சு தடவ வச்சுப் பார்த்தா அதுகூட மாறலாம். விளம்பரத்த எடுத்துடறேன். அக்காகிட்டயும் சொல்லிடறேன்.”

“இரு இரு. பொட்டியெல்லாம் அச்சடிச்சுட்டேனே. நீ இன்னா வேணும்னேவா பண்ண? கை தவறிப் போச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு நான் வரேன், கூடி உக்காந்து பேசி முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் யாராண்டையும் வாயத் தொறக்காதம்மா. உம் பேரும்தானே கெடும்.”

கடைசி வாக்கியம் வேலை செய்தது. சரி என்றேன். யூசுப் பாய் காலையில் வருவார் என்பது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. காலை என்றால் பதினொன்று பன்னிரண்டு ஆகும், அந்த நெடுஞ்சாலை நெரிசலில் எந்த வண்டி நேரத்துக்கு வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாதாடுவதில் நான் கெட்டிக்காரி.

மறுநாள் ஏழரைக்கு எழுந்ததுமே அக்காவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன். பரந்தாமனாவது பத்து மணியாவது என்று, இணையத்தில் விளம்பரம் போட்ட பக்கம் என் பொறுப்பில்தானே இருக்கிறது, அதிலிருந்து வீடியோவைத் தூக்கினேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். திருமழிசை போய்ச் சேர எட்டே முக்கால் ஆகிவிட்டது.

பட்டறை வாசலில், இரும்பு வெட்டும் கேஸ் கட்டர் வாசனை அடித்தது. என் போன் அவர் காதில் விழாததற்கு அந்தக் கட்டர் சத்தம்தான் காரணம் போல. தராசுமேல் யூசுப் பாய் எதையோ தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான்கு துண்டுகள். ஒரு துண்டில் இரண்டு காதின் பள்ளம் முழுசாகத் தெரிந்தது.

“வா கண்ணு” என்றார் பூங்காவனம் அக்கா. “சீக்கிரமே வந்துட்டாரு பாய். எங்க தப்புன்னு கண்டுபுடிச்சியா?”

வேலைக்கு வந்த பெண்கள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “தப்பு உங்க மேல இல்லக்கா. என் மேல” என்றேன். விளக்க முயன்றேன். ஐம்பது, இருபத்தைந்து என்று ஏதோ உளறினேன். அவருக்கு விளங்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, இரண்டு மூல ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பற்றவைத்த நொடியை ஒன்றாக்கி, வேகமாக்காமல், வெட்டாமல் ஓடவிட்டேன். “உங்க செல்லுல நேரம் பாருங்கக்கா. என் டைமர நம்பாதீங்க.”

ஆறு நிமிடம் எல்லாரும் திரையையே பார்த்தோம். கிரண் சாதாரணமாக நடந்து வெளியே போனான். வலது பக்கம் மூடி துள்ளியது. அக்கா செல்லைப் பார்த்தார். கொஞ்சம் கழித்து இடது பக்கமும் துள்ளியது. மறுபடி செல்லைப் பார்த்தார்.

“இது எப்பத்துலேருந்து தெரியும் உனக்கு?” என்று கேட்டார்.

“நேத்து மூணு மணிக்கேக்கா.”

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தலையை மட்டும் ஆட்டினார். தராசுப் பக்கம் திரும்பி அந்த நான்கு துண்டுகளையும் பார்த்தார்.

“எங்கண்ணால பார்த்தேனே கண்ணு,” என்றார். “எம் பாத்திரத்துல, எங்கண்ணால, ஆறு நிமிஷம்னு பார்த்தேனே. அப்பயும் உன்னுதத்தான நம்புனேன்.”