மயில் உட்கார்ந்த கிளைக்கு எட்டு மதிப்பெண்

பன்னிரண்டாம் வகுப்புக்கான மாதிரி வினாத்தொகுப்பு தயாரிக்க அமைத்த குழுவில் நான்கு பேர். அதில் ஒருவர் முதல் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர், பிறகு வரவே இல்லை. மிஞ்சியவர்கள் மூவர்: குழுத்தலைவர், ஒருங்கிணைப்பாளரான ஓர் இளம்பெண், இருபத்திரண்டு வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்தும் ஆசிரியை.

தலைவருக்குப் பின்னால் எல்லாரும் வைத்திருந்த பெயர் 'பொழிப்புரை'. கடைகளில் அடுக்கடுக்காக விற்கும் தமிழ்த் துணைநூல் அவர் எழுதியது. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் மூன்றே வரியில் அதன் உயிரை எடுத்துவிடுவார். வினா தயாரிப்பதும் அவருக்கு அப்படித்தான். பாட்டின் பெயரை மட்டும் மாற்றி, போன வருடத் தாளையே திரும்ப அச்சடித்தால் வேலை முடிந்தது.

அன்று அவர்கள் எடுத்துக்கொண்டது ஐந்தடியில் ஓர் அகப்பாடல்.

மழைநனை மஞ்ஞை தோகை உலர்த்த
இளங்கிளை வளைந்து நிமிரா தாகி
முறியவும் முறியா மலைகிழ வோயே
வருவல் என்றனை பலநாள்
இவளும் உறங்காள் ஊரும் உறங்காதே.

திருமணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் தலைவனிடம் தோழி சொல்கிறாள். மழையில் நனைந்த மயில் வந்து இளங்கிளையில் உட்கார்ந்து தோகையை உலர்த்துகிறது. அதற்குச் சுகம். கிளையோ வளைந்துபோய், நிமிரவும் முடியாமல் முறியவும் முடியாமல் கிடக்கிறது. அப்படிப்பட்ட மலைக்குச் சொந்தக்காரனே, வருகிறேன் வருகிறேன் என்று எத்தனை நாள் சொன்னாய். இவளும் தூங்கவில்லை, ஊரும் தூங்கவில்லை. அவ்வளவுதான் பாட்டு. உன்னால்தான் இவள் இப்படி ஆனாள் என்று ஒரு சொல்கூடத் தோழி வெளிப்படையாகச் சொல்லவில்லை. மயிலையும் கிளையையும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள்.

ஆசிரியை மூன்று வினாக்கள் எழுதி வைத்தாள். பேசுவது யார், யாரிடம். அதைப் பாட்டின் எந்தச் சொற்களால் அறிகிறாய்? கிளையின் நிலையைச் சொல்வதன் வழியாகத் தோழி யாருடைய நிலையைச் சொல்கிறாள், ஏன் நேராகச் சொல்லவில்லை? 'உறங்காமை' இரண்டு முறை வருகிறது. இவள் உறங்காததற்கும் ஊர் உறங்காததற்கும் காரணம் ஒன்றுதானா?

பொழிப்புரை சிவப்புப் பேனாவை எடுத்தார். மூன்றையும் ஒரே கோட்டில் அடித்தார்.

"என்னம்மா இது? பையனுங்க பரீட்சை எழுதணுமா, தவம் பண்ணணுமா?"

"படிச்சா எழுதிடுவாங்க சார். ஐஞ்சே வரிதான்."

"படிச்சா! அங்கதான் சிக்கலே." அவர் தன்னுடைய வினாவை எழுதினார்: 'இப்பாடலில் அமைந்துள்ள மையக்கருத்து, எதுகை, மோனை, உவமையணி, சுவை ஆகிய நயங்களைப் பாராட்டி எழுதுக.' பக்கத்தில் விடைக்குறிப்பையும் போட்டார். மையக்கருத்துக்கு இரண்டு, எதுகை மோனைக்கு இரண்டு, அணிக்கு இரண்டு, சுவைக்கு ஒன்று, முடிவுரைக்கு ஒன்று. ஆக எட்டு.

"சார், இதுல உவமையணி எங்க இருக்கு? போல, அன்ன, ஒப்ப, ஒரு உருபாவது காட்டுங்க. இது உள்ளுறை, ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை உணர்த்துறது."

"உள்ளுறை உவமம்னு அதுக்குப் பேரே இருக்கே. பேருக்குள்ளயே உவமம் உக்காந்திருக்கு. அப்புறம் என்ன?"

"அப்போ உள்ளுறைன்னே கேளுங்க. உவமையணின்னு கேட்டா, ஒழுங்கா படிச்ச பிள்ளை 'இல்லை'ன்னு எழுதும். அதுக்கு என்ன மார்க் போடுவீங்க?"

"ஒழுங்கா படிச்ச பிள்ளைக்கு என் புத்தகத்துல விடை இருக்கும்மா," என்றார் அவர், மிக அன்பாக.

ஒருங்கிணைப்பாளர் கணினித்திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவள் தட்டச்சு நின்றுவிட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியையின் வீட்டுக்கு அவள் தம்பி வந்தான். அவன் லிப்ட் மெக்கானிக். பள்ளியை விட்ட பதினாறு வருடத்தில் அவன் படித்த தமிழ் எல்லாம் 'பழுது, உபயோகிக்க வேண்டாம்' என்ற அட்டைதான். சாப்பாட்டு மேசையில் அவன் முன்னால் பொழிப்புரையின் வினாவை வைத்தாள் அக்கா. பாட்டை வைக்கவில்லை.

"இதுக்கு பதில் எழுதுடா."

"பாட்டு எங்கக்கா?"

"பாட்டு கிடையாது."

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு பேனாவைக் கேட்டான். "பாட்டு இருந்தாதான்க்கா குழப்பம். நயம் பாராட்டல் எனக்கு இன்னும் மனப்பாடமா இருக்கு. அப்பவே எட்டுக்கு ஆறு வாங்கினவன் நான்."

இருபது நிமிடத்தில் ஒரு பக்கம் நிரம்பியது. 'கவிஞர் இப்பாடலில் இயற்கையின் எழிலைத் தம் மனக்கண்ணால் கண்டு சொல்லோவியமாகத் தீட்டியுள்ளார். அடிதோறும் எதுகை இன்னோசை எழுப்புகிறது. மோனை தேனாக இனிக்கிறது. பொருத்தமான உவமையைக் கையாண்டு, படிப்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறார். உவகைச்சுவை பொங்கி வழிகிறது. இத்தகைய பாடல்கள் தமிழன்னைக்கு அணிகலன்கள்.' கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது.

"உவகையா? பாட்டுல ஒருத்தி ராத்தூக்கம் இல்லாம கிடக்கிறாடா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? உவகைன்னா பாதுகாப்பு. யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

தொகுப்பில் சேரும் முன் ஒவ்வொரு வினாவையும் ஏதாவது ஒரு வகுப்பில் எழுதவைத்துப் பார்ப்பது குழுவின் விதி. பெயரை மறைத்து, இருவர் தனித்தனியே திருத்த வேண்டும். இருவரின் மதிப்பெண்ணும் ஒத்து வராத வினா தொகுப்புக்குள் போகாது. ஆசிரியை தன் வகுப்பில் பத்துப் பேரிடம் பொழிப்புரையின் வினாவுக்கு விடை எழுதி வாங்கினாள். அவர்களுக்கு மட்டும் பாட்டைக் கொடுத்தாள். பதினொன்றாவதாகத் தம்பியின் தாளையும் சேர்த்து ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்து, அது யாருடையது, எப்படி எழுதியது என்று மறைக்காமல் சொன்னாள்.

அந்தப் பெண் தாளை ஒருமுறை படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "எண் போட்டு வச்சிடுறேன் மேடம். பதினொண்ணு. இந்தத் தாளை மட்டும் நீங்க திருத்தாதீங்க, உங்களுக்குத் தெரிஞ்சதாச்சே. நான் திருத்துறேன்," என்றாள்.

அடுத்த புதன்கிழமை பொழிப்புரை வந்து அரைமணியில் பதினொரு தாளையும் திருத்தி முடித்தார். ஒரு தாளுக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எதுகை என்ற சொல் கண்ணில் பட்டால் ஒரு டிக், உவமை என்ற சொல் பட்டால் இன்னொரு டிக். பனிக்கட்டியில் சறுக்குவது போல அவர் பேனா போயிற்று.

ஒருங்கிணைப்பாளர் மதிப்பெண் பட்டியலை விரித்தாள்.

"சார், நாலாம் எண்ணுக்கு எட்டுக்கு மூணு போட்டிருக்கீங்க. மேடம் ஏழு போட்டிருக்காங்க."

"அந்தப் பிள்ளை வம்பு பண்ணியிருக்கு. உவமையணி இல்லைன்னு எழுதியிருக்கு பாருங்க. கேள்வியில இருக்குன்னு சொல்றோம், இல்லைன்னா எப்படி?"

ஆசிரியை தாளை எடுத்து மறுபடி படித்தாள். 'இப்பாடலில் உவம உருபு இல்லை. மயில் தன் வசதிக்கு உட்கார்ந்திருக்கிறது. பாரம் கிளைக்கு. முறிந்தால் வேதனை தீரும், நிமிர்ந்தாலும் தீரும். இரண்டும் நடக்கவில்லை. தலைவியும் அப்படித்தான் என்று தோழி சொல்லாமல் சொல்கிறாள். அடிகளுக்குள் எதுகை எனக்குத் தெரியவில்லை.' எழுதியது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கும் பெண் என்பது அவளுக்குக் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பதினொண்ணாம் எண்ணுக்கு ஏழு," என்றாள் ஒருங்கிணைப்பாளர். "நான் பூஜ்யம் போட்டேன் சார்."

"பூஜ்யமா? உனக்குத் தமிழ் வருமாம்மா? இந்தக் கட்டுலேயே நல்ல தாள் அதுதான். கையெழுத்துக்காகத்தான் ஒண்ணு குறைச்சேன். எதுகை, மோனை, உவமை, சுவை, எல்லாம் வரிசையா சொல்லியிருக்கான்."

"எந்த எதுகை சார்?"

"என்ன?"

"அடிதோறும் எதுகைன்னு எழுதியிருக்கான். எதுன்னு சொல்லுங்களேன்." அவள் பாட்டைச் சத்தமாக, அடியின் முதல் சொல்லை மட்டும் பிரித்துப் படித்தாள். "மழைநனை. இளங்கிளை. முறியவும். வருவல். இவளும். இரண்டாம் எழுத்து ழை, ள, றி, ரு, வ. ஒண்ணோட ஒண்ணு சேரலையே."

பொழிப்புரை பாட்டைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டு வாரத்தில் அவர் அதை முழுதாகப் படித்தது அதுதான் முதல் தடவை என்பது அவர் உதடு அசைந்த விதத்திலேயே தெரிந்தது.

"அதை எழுதினவன் பாட்டையே பார்க்கல சார்," என்றாள் ஆசிரியை. "என் தம்பி. லிப்ட் ரிப்பேர் பண்றவன். கேள்வியை மட்டும்தான் கொடுத்தேன். பாட்டைப் பார்க்காதவனுக்கு ஏழு. பார்த்துப் படிச்ச பொண்ணுக்கு மூணு."

வெட்கம் என்று ஒன்று இருந்தால் அது வெளியே வரச் சில நொடிகள் போதும். வரவில்லை. பொழிப்புரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், ஒரு முடிவுக்கு வந்தார்.

"தப்பு பாட்டு மேலதான். எதுகை இருக்கிற பாட்டா வேற ஒண்ணு எடுத்துப் போட்டுடுவோம். கேள்வி அப்படியே இருக்கட்டும்."

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. கோபப்படத்தான் வந்திருந்தாள், ஆனால் இந்த மனுஷனிடம் கோபப்படுவது மதிலிடம் கோபப்படுவது போல.

ஒருங்கிணைப்பாளர் சிரிக்கவில்லை. "மதிப்பெண் ஒத்து வரல. விதிப்படி இந்த வினா உள்ளே போகாது சார். பாட்டு இருக்கும். மேடம் எழுதின மூணு வினாவையும் சோதிச்சுப் பார்த்துட்டுச் சேர்க்கிறேன்," என்று சொல்லி, தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். அவளுக்கு அவரைவிட முப்பது வயது குறைவு. குழுவின் முடிவுகளைப் பதியும் குறிப்பேடு அவள் கையில் இருந்தது, அதுதான் முக்கியம்.

மூன்று வினாக்களும் சோதனையில் தேறின, தொகுப்பில் வந்தன. பொழிப்புரை அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்புப் பாடல்களுக்கான குழுவுக்குப் போனார். அங்கே எதுகைக்குப் பஞ்சமில்லை. அவருடைய துணைநூலின் புதிய பதிப்பில் 'முற்றிலும் திருத்தப்பட்டது' என்று அட்டையில் போட்டிருந்தது. உள்ளே உவகைச்சுவை பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

தொகுப்பு வெளியான வாரம் ஆசிரியைக்கு ஓயாமல் தொலைபேசி வந்தது. எல்லாம் சக ஆசிரியர்கள். வினா நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. விடை எங்கே என்று கேட்டார்கள். கடைசியில் துறை ஒரு பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்து, நடத்தும் பொறுப்பை அவள் தலையிலேயே கட்டியது.

நாற்பது பேர் வந்தார்கள். அவள் விடைக்குறிப்பை விளக்கினாள். கிளையும் தலைவியும் படும் பாட்டை மாணவன் எந்தச் சொல்லில் சொன்னாலும் ஏற்க வேண்டும், பாட்டுக்குள்ளிருந்து சான்று காட்டினால் போதும், இவள் உறங்காதது ஏக்கத்தால் என்றும் ஊர் உறங்காதது அவளைப் பற்றி அலர், அதாவது வம்பு, பேசுவதால் என்றும் பிரித்துச் சொன்னால் முழு மதிப்பெண்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "மேடம், மாதிரி விடை ஒண்ணு கொடுத்தா பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிக்குவாங்க. எங்களுக்கும் திருத்த ஈசி."

"கொடுக்க மாட்டேன் சார்."

"அப்போ நாங்க எதை நடத்துறது?"

"பாட்டை நடத்துங்க."

அது நகைச்சுவை என்று நினைத்துப் பலர் சிரித்தார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு முப்பத்தொரு நாற்காலிகள் காலி. வருகைப்பதிவில் மட்டும் நாற்பது கையெழுத்தும் மாலை நேரத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே இருந்தன. அவள் பதிவேட்டை மூடி வைத்தாள். ஒன்பது பேரையும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, வேறொரு பாட்டை எடுத்து, "யாராவது ஒருத்தர் சத்தமா படிங்க," என்றாள்.