விளையாடாமல் போட்ட மதிப்பெண்

“நீ விளையாடிப் பாத்தியாம்மா?”

அனன்யாவுக்கு அப்போது ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு மடிக்கணினித் திரையைப் பார்த்தபடி கேட்டாள். திரையில் ஐந்து மஞ்சள் நட்சத்திரங்கள் இருந்தன. கடைசியில் மட்டும் ஒரு துளி குறை. நாலு புள்ளி எட்டு.

“இல்லடா கண்ணு. அம்மா அதெல்லாம் விளையாட மாட்டேன்.”

“அப்புறம் எப்படி ஸ்டார் போட்ட? எங்க மிஸ் நோட்டைப் பாத்துட்டுத்தான் போடுவாங்க.”

ஸ்ரீரஞ்சனி சிரித்துவிட்டாள். மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி ஓஸ்வால்ட் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “மேடம், உங்க பொண்ணை ஆடிட்டர் ஆக்கிடுங்க!” குழந்தையின் வாயில் வந்தது யாருடைய கேள்வி என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஒரு மனிதர் தப்பித்திருப்பார்.

ஜோகுபாளையத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். எட்டுப் பேர். இணையச் சூதாட்டத் தளங்களை ‘விமர்சனம்’ செய்யும் பக்கங்களை இந்தியிலும் தெலுங்கிலும் தமிழிலும் நடத்தினார்கள். தமிழ்ப் பக்கம் ஸ்ரீரஞ்சனியுடையது. அதற்கு முன் அவள் வேறொரு நிறுவனத்தில் மிக்சிக்கும் குக்கருக்கும் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவள். படிக்கிறவர் கட்டுரையில் உள்ள லிங்க்கைத் தொட்டு வாங்கினால், விற்றவர் ஒரு பங்கு தருவார். இங்கேயும் அதே தொழில்தான் என்று நினைத்து வந்தாள்.

அதே தொழில்தான். ஒன்று மட்டும் வேறு. மிக்சியில் பங்கு வந்தது விற்பனையிலிருந்து. இங்கே பங்கு வந்தது தோல்வியிலிருந்து. லிங்க் வழியாகப் போய்ச் சேர்ந்தவர் எவ்வளவு தோற்கிறாரோ, அதில் நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது என்று தளம் அலுவலகத்துக்குக் கொடுக்கும். ஒரு மாதமல்ல, அவர் ஆடும் காலமெல்லாம். அவர் ஜெயித்தால் அலுவலகத்தின் கணக்கில் சிவப்பு எண் விழும். மாதக் கடைசியில் யாரோ ஒருவர் பெரிதாக ஜெயித்துவிட்டால், “யார்ப்பா அந்தப் புண்ணியவான், நம்ம சம்பளத்துல கை வச்சது?” என்று ஓஸ்வால்ட் தலையில் கை வைத்துக்கொள்வார். அதற்கும் எல்லாரும் சிரிப்பார்கள்.

எந்தத் தளம் முதலிடம் என்பது எழுதுவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். அதிகப் பங்கு தருகிறவர் மேலே. கட்டுரையின் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில், ‘இப்பக்கத்தின் இணைப்புகள் மூலம் எங்களுக்கு வருமானம் கிடைக்கக்கூடும்’ என்று ஒரு வாசகம் உண்டு. அதைப் படித்ததாக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

அந்த ஏப்ரலில் ஒரு தளத்தைப் பற்றி எழுதினாள். பணம் எடுப்பதில் தாமதம் என்று பலர் புகார் சொல்லியிருந்தார்கள். ‘குறைகள்’ என்ற தலைப்பின் கீழ் நேர்மையாகவே எழுதினாள்: ‘ஜெயித்த பணம் கைக்கு வரப் பத்து நாளுக்கு மேல் ஆகலாம். அதுவரை கோரிக்கையை ரத்துசெய்து அதே பணத்தில் மறுபடி ஆட முடியும். எச்சரிக்கை.’

ஓஸ்வால்ட் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

“மேடம், இந்த லைன் வேணாம்.”

“உண்மைதானே சார்?”

“உண்மைதான், யார் இல்லேன்னா? அவங்கள டாப்ல போட்டா நாற்பத்தஞ்சு பர்சென்ட் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. டாப்ல இருக்கறவனுக்குக் குறை எழுதினா நல்லாவா இருக்கு? ‘தமிழில் உதவி மையம் இல்லை’ன்னு போடுங்க. அதுவும் குறைதானே!”

அவர் கெட்ட மனிதரல்ல. முந்தின வருஷம் அவளுடைய அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது இரண்டு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்தவர். அந்த நன்றி நெஞ்சில் இருந்தது. அவள் அந்த மூன்று வாக்கியங்களையும் அழித்தாள். நன்றி நல்ல குணம். ஆனால் அதை வைத்துப் பிறர் தோளில் பாரம் ஏற்றக் கூடாது. அவள் ஏற்றிவிட்டாள்.

அந்த வாரமே தருண் என்ற பையனின் வீடியோ வந்தது. மூன்று லட்சம் பேர் பின்தொடர்கிற பையன். ஐந்தே நிமிஷத்தில் எண்பதாயிரம் ஜெயித்துக் கட்டிலில் குதித்தான். அவன் ஆடியது தளம் கொடுத்த பணம், எடுக்க முடியாத பணம். அவனுடைய கூப்பன் எண்ணைப் போட்டுச் சேர்கிறவர்கள் தோற்பதில் அவனுக்கும் பங்கு. வீடியோவுக்கான வசனத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவள் ஸ்ரீரஞ்சனிதான்.

பாலசுப்ரமணியன் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்.

அவர்தான் அனன்யாவின் பள்ளி வேன் ஓட்டுநர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம். ஹெப்பகோடியில் குடியிருந்த தங்கையின் வீட்டில் முதலில் ஒண்டி, பிறகு கடன் வாங்கிச் சொந்த வேன் போட்டவர். ஒரு மழை நாளில் சாலையெல்லாம் வெள்ளமாகி வேன் நின்றுபோனபோது, கடைசியாக மிஞ்சிய அனன்யாவைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் நடந்து வீட்டில் சேர்த்தார். ஸ்ரீரஞ்சனி ஐந்நூறு ரூபாய் நீட்டினாள். “அட உள்ள வைங்க மேடம். கொழந்தையத் தூக்கினதுக்குக் கூலியா?” என்று போய்விட்டார்.

அவர் ஒரு காலையில், வேனில் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருக்கும்போது, கூச்சத்தோடு கேட்டார்.

“மேடம், நீங்க அந்த கேம் சைட்டு ஆபீஸ்லதானே? எது நம்பிக்கையானது? பொண்ணு தர்ஷினிக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். சும்மா கொஞ்சம் போட்டுப் பாக்கலாம்னு.”

வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். அவளுக்கு அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் மனம் நோகுமோ என்றும் இருந்தது. “எல்லாமே ரிஸ்க்தான் பாலண்ணா. ஆடணும்னா கம்மியா ஆடுங்க, இது பரவால்ல” என்று வாட்ஸ்அப்பில் கையில் இருந்த லிங்க்கை அனுப்பினாள். லிங்க் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க அவள் தனக்கென்று உண்டாக்கி வைத்திருந்தது அது. அதன் வாலில் ‘சோதனை-ர’ என்று அவள் அடையாளம் இருந்தது.

அங்கேதான் விஷயம். அலுவலகக் கணக்கில் ஆட்களின் பெயர் தெரியாது. எந்த லிங்க் வழியாக எத்தனை பேர் வந்தார்கள், மொத்தம் எவ்வளவு தோற்றார்கள் என்றுதான் தெரியும். நூற்றுக்கணக்கானவர்களின் தோல்வி ஒரே எண்ணாகத் திரண்டு வரும்போது அதில் முகம் இருக்காது. ‘சோதனை-ர’ லிங்க்கில் மட்டும் ஒரே ஒரு ஆள்.

மே மாதம் அந்த வரிசையைப் பார்த்தாள். நாலாயிரம். ஜூனில் பத்தொன்பதாயிரம். ஜூலை முதல் வாரத்தில் சிவப்பில் விழுந்தது. அவர் அறுபதாயிரம் ஜெயித்திருந்தார்! அவளுக்கு உள்ளூர அப்படியொரு சந்தோஷம். மாலையில் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் நின்று, ‘இத்தோட அவரை நிறுத்த வை’ என்று வேண்டிக்கொண்டாள்.

பதினொரு நாள் சிவப்பு அப்படியே இருந்தது. பன்னிரண்டாம் நாள் கறுப்பாயிற்று. அதற்கு மறுநாள் இன்னும் கறுப்பாயிற்று. ஆகஸ்டில் மொத்தம் கூட்டிப் பார்த்தால், கழிவெல்லாம் போக ஒரு லட்சம் தோல்வி. நாற்பத்தைந்தாயிரம் அலுவலகத்துக்கு. அதில் தமிழ்ப் பக்கத்துக்கான ஊக்கத்தொகையாக நாலாயிரத்து ஐந்நூறு அவள் சம்பளத்தில் வந்திருந்தது.

மறுநாள் பள்ளி விடுகிற நேரத்துக்குத் தானே போனாள். வேன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. பாலசுப்ரமணியன் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

“பாலண்ணா, அந்த ஜெயிச்ச பணத்தை எடுத்தீங்களா?”

அவர் திடுக்கிட்டார். “அது ஒங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?”

“தெரியும். சொல்லுங்க.”

“எடுக்கப் போட்டேன். ‘பரிசீலனையில்’னே காட்டிட்டிருந்துச்சு. தெனம் பாப்பேன், தெனம் அதேதான். பக்கத்துலயே கேன்சல்னு ஒரு பட்டன். பத்து நாள் கையக் கட்டிட்டு இருந்தேன் மேடம், சத்தியமா. பீஸுக்குக் கடைசித் தேதி வந்துடுச்சு. வராத பணத்துக்கு, ஆடியாவது பாப்போம்னு…” அவர் நிறுத்தினார். “இப்படி ஆகும்னு எங்கயும் போடலியே. ஒங்க பக்கத்தை முழுசாப் படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன்.”

அவள் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் எழுதியிருந்தேன் பாலண்ணா. அப்புறம் நானே அழிச்சேன்.”

அவருக்குப் புரியவில்லை. அவள் புரிய வைத்தாள். அவர் தோற்றால் யாருக்கு எவ்வளவு, முதலிடம் எப்படி விலைக்குப் போகிறது, தருண் ஆடியது யார் பணம், ‘சோதனை-ர’ என்றால் என்ன என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப, நான் தோத்தப்ப ஒங்களுக்கும் காசு வந்துச்சா?”

“வந்தது. அதைத் திருப்பித் தர்றேன்.”

“வேணாம்.” குரல் உயரவில்லை. “ஆடினது என் கை. ஆனா மேடம், நான் கம்பெனியக் கேக்கலியே. ஒங்களத்தானே கேட்டேன்? கொழந்தையோட அம்மான்னு கேட்டேன்.”

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர் இறங்கி ஒவ்வொரு பிள்ளையின் பையையும் வாங்கி வைத்தார். அனன்யாவைக் கை கொடுத்து ஏற்றினார், எப்போதும் போலவே. அந்த எப்போதும் போல என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அலுவலகம் திரும்பி அந்த மூன்று வாக்கியங்களையும் மறுபடி பக்கத்தில் சேர்த்தாள். மாலைக்குள் ஓஸ்வால்ட் நீக்கிவிட்டார்.

“மேடம், நாம எழுதலேன்னா இன்னொருத்தன் எழுதுவான். ஆடறவன் ஆடத்தான் செய்வான்.”

“இருக்கலாம் சார். என் லிங்க்ல ஆட வேணாம்.”

ராஜினாமாக் கடிதத்தை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “அப்பா எப்படி இருக்கார்?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வருஷம் சட்டம் வந்து இந்த விளம்பரங்களுக்குத் தடை விழுந்தது. அதற்குள் அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்கு எண் தெரியும். முகம் தெரிந்தது ஒன்றுதான்.

அலுவலகத்தில் அவளுடைய கடைசி நாளுக்கு மறுநாள் காலை, அனன்யா பள்ளிக்குப் போன பிறகு, ஸ்ரீரஞ்சனி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். தர்ஷினியின் கல்லூரி இணையதளத்தில் கட்டணப் பக்கத்தைத் திறந்தாள். பதிவெண்ணை அந்தப் பெண்ணிடமே, வேறு ஏதோ பேச்சினூடே கேட்டு வைத்திருந்தாள். நிலுவை முப்பத்தெட்டாயிரம். அவள் பங்குக்கு வந்தது நாலாயிரத்து ஐந்நூறுதான். ஆனால் பங்கைப் பார்த்துக் கொடுக்கிற கடனல்ல அது. சேமிப்பிலிருந்து முழுவதையும் கட்டினாள்.

கடைசிக் கட்டத்தில், பணம் செலுத்துபவர் பெயர் என்று கேட்டது. பூஜை அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

‘பாலசுப்ரமணியன், தந்தை’ என்று எழுதினாள்.