வாசற்படிக்கு உள்ளே

கூலி கொடுக்காமல் தையல் மெஷினை எடுத்துப் போக முடியாது என்று மெக்கானிக் கறாராகச் சொல்லிவிட்டார். தையல்காரம்மாவுக்கும் கேட்கட்டும் என்று, வக்கீல் மச்சினனைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ரிப்பேர் கூலி வர்ற வரைக்கும் நீங்க வச்சுக்கலாம் மாமா. ஆனா விக்கக் கூடாது, வச்சிருந்ததுக்கு வாடகை கேக்கக் கூடாது. நீங்களா வாசப்படி தாண்டி அனுப்பிட்டா அந்த உரிமை போச்சு."

"சரிண்ணே," என்றார் தையல்காரம்மா. "இங்கயே உக்காந்து தச்சு, அந்தக் காசுல குடுத்துடறேன்."

நியாயமாகத்தான் பட்டது. மெக்கானிக் தலையாட்டினார். ஆட்டிய தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள அதன்பின் தினமும் தோன்றியது. அவருடைய நாற்காலி, அவருடைய ஃபேன், அவருடைய கரண்ட். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க நின்ற கூட்டத்தைப் பார்த்து, மிக்ஸியோடு வந்தவர் கடை மாறி வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போனார். கூலியைக் கேட்டால், "இந்த ஆர்டர் முடியட்டும்ணே."

கடைசியில் மெக்கானிக்கே இறங்கி வந்தார். "மெஷினை எடுத்துட்டுப் போம்மா. கூலி மெதுவா வரட்டும்."

தையல்காரம்மா பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"வாசப்படி தாண்டினா உங்க உரிமை போயிடுமேண்ணே. அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"