எழுபத்திரண்டு

சுபலட்சுமிக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசிக்கத் தொடங்குமுன் இடது கை மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்ப்பாள். அந்தத் துடிப்பையே தாளமாக வைத்துக்கொண்டுதான் வயலினில் வில்லைப் போடுவாள். வீட்டில் உட்கார்ந்து சாதகம் செய்யும்போது நாடி நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. வர்ணம் அழகாக நடக்கும். மேடை ஏறினால் அதே நாடி நூற்றிருபது. முதல் காலமே ஓட்டமாகிவிடும். இரண்டாம் காலத்தில் அதை இரட்டிக்கும்போது விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். நீண்ட சுரத்தில் வில் நடுங்கும்.

சமயநல்லூர்க் கோவிலில் நவராத்திரிக்கு அவளுக்குத் தனிக்கச்சேரி கொடுத்திருந்தார்கள். போன வருடமும் கொடுத்தார்கள். கமிட்டித் தலைவர் உக்கிரபாண்டி அதை மறக்கவில்லை. "போன தடவ வில்லுல கொசு ஓட்டுனீங்க தாயி. இந்த வருசமும் கொசு இருந்தா அடுத்த வருசம் வேற ஆளுதான் பாக்கணும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

தெற்குவாசலில் டாக்டர் ரூபினாவிடம் போனாள். டாக்டர் இளைப்பு உண்டா, சர்க்கரை உண்டா என்று கேட்டு, நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து, ஈசிஜியும் எடுத்த பிறகுதான் சீட்டு எழுதினார். புரோப்ரனலால், பத்து மில்லிகிராம். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று.

"இது பயத்துக்கு மாத்திரை இல்ல சுபா. பயந்தா அட்ரினலின் போய் இதயத்துக் கதவத் தட்டும். மாத்திரை முன்னாடியே போய் அந்தக் கதவ அடச்சு நிக்கும். பயம் இருக்கும், படபடப்பும் கை நடுக்கமும் அடங்கிரும். முதல்ல வீட்ல ஒரு நாள் போட்டுப் பாருங்க. யாருக்கும் பங்கு குடுத்துறாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை சோதனை. மிருதங்கக்காரர் பீமாராவ் வந்திருந்தார். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து நாடி பார்த்தால் ஐம்பத்தெட்டு. வில் துளிகூட நடுங்கவில்லை. ஆனால் வர்ணம் வெயிலில் போகும் மாட்டுவண்டி மாதிரி நகர்ந்தது. பீமாராவ் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே கொட்டாவி விட்டார்.

"தங்கச்சி, இந்த வேகத்துல போனா தீபாவளி வந்துரும்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நடுக்கத்தைத் தின்ற மாத்திரை தாளத்தையும் தின்றுவிட்டதே. டாக்டருக்குப் போன் போட்டாள். தலை சுற்றுகிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், ஐம்பத்தெட்டு பரவாயில்லை, மேடையில் வேறு மாதிரி இருக்கும், அங்கேயும் பாருங்கள் என்றார். அவளுக்கு அது சமாதானமாகப் படவில்லை.

கச்சேரி அன்று ஐந்தரைக்கு மாத்திரையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். நடுக்கமா, மாட்டுவண்டியா? கடைசியில் கொசுவை நினைத்துக்கொண்டு முழுங்கினாள். பீமாராவ் கை நீட்டினார். "எனக்குப் பாதி குடு. நானும் நிம்மதியா வாசிக்கிறேன்." அவர் சட்டைப்பையில் இன்ஹேலர் துருத்திக்கொண்டிருந்தது. இளைப்புக்காரருக்கு இது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்ததை அவள் திருப்பிச் சொன்னாள். "இல்லண்ணே. உங்களுக்கு டீதான்."

ஆறரை மணி. முன்வரிசையில் உக்கிரபாண்டி, கையில் விசிறி. சுபலட்சுமிக்கு வாய் வறண்டது. பயம் வராமல் இல்லை. ஆனால் நெஞ்சு தடதடக்கவில்லை. விரல்கள் மடியில் வைத்தபடியே கிடந்தன. மணிக்கட்டைத் தொட்டாள். எதிரே கடிகாரம். பதினைந்து வினாடிக்குப் பதினெட்டு. மறுபடி எண்ணினாள். பதினெட்டேதான்.

எழுபத்திரண்டு.

அப்போதுதான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பயமே இல்லை. மாத்திரை மட்டும் தனியாகக் கீழே இழுத்தது. இங்கே பயம் மேலே தள்ளுகிறது, மாத்திரை பிடித்து நிறுத்துகிறது. இரண்டும் மல்லுக்கட்டி, அவள் வீட்டுத் தாளத்தில் வந்து நிற்கின்றன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீமாராவ் என்ன என்று புருவத்தைத் தூக்கினார்.

"வாங்கண்ணே, போவோம்" என்று வில்லை வைத்தாள்.

முதல் காலம் நடந்தது. இரண்டாம் காலம் சரியாக இரட்டித்து, ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மேல் சட்ஜத்தில் வில்லை முனை வரைக்கும் மெதுவாக இழுத்தாள். ஒரே கோடு, வளையாத கோடு. பீமாராவ் முத்தாய்ப்பாகத் தீர்மானம் வைத்தபோது அவர் முகத்தில் கொட்டாவியின் சுவடே இல்லை. பிறகு இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

மங்களம் முடிந்ததும் உக்கிரபாண்டி சால்வையோடு மேடை ஏறினார். போர்த்திவிட்டு, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவளிடம் குனிந்தார்.

"இந்த வருசம் ஊருல கொசுவே இல்ல தாயி. அடுத்த நவராத்திரிக்கு வேற எங்கயும் ஒத்துக்கிறாதீங்க."