பழைய மொய் மட்டும்

தவசிமுத்துவின் நெஞ்சுக்குள் வால்வு சுருங்கிப்போனதால்தான் மகள் அழகுத்தாய்க்குக் காதுகுத்து வைத்தார்கள். இது அவனுக்கும் பெண்டாட்டி பாலம்மாளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. மதுரை டாக்டர் வால்வை மாற்ற எண்பதாயிரம் ஆகும், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். தொண்ணூற்று நாலாம் வருசம் அது. ராஜபாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்து ஜன்னல் கிரில் அடிக்கிறவன் எண்பதாயிரத்துக்கு எங்கே போவான்? மில்லுக்குப் போகும் அண்ணனுக்கு வைத்தியத்துக்கு இ.எஸ்.ஐ. இருந்தது, வயதான காலத்துக்கு பி.எஃப். இருந்தது. இவனுக்கு இவன் கைதான் எல்லாம்.

ஆனால் மொய் இருந்தது. பன்னிரண்டு வருசமாக ஒரு விசேஷத்துக்கும் அவன் வெறுங்கையோடு போனதில்லை. "பாங்கில போட்டா நானே எடுத்துத் தின்னுருவேன். ஊர்ல போட்டா ஊரே காவலு" என்பான். அந்தக் காசைத் திரும்ப வாங்க ஒரே வழிதான். நம் வீட்டில் நல்லது நடக்க வேண்டும். நோய்க்கு யாரும் மொய் எழுத மாட்டார்கள்.

பாலம்மாள் முதலில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சுப்புராஜிடம்தான் ஓடினாள். மூன்று வருசத்துக்கு முன்னால் தவசிமுத்துவை எல்.ஐ.சி.யில் சேர்த்துவிட்டவர் அவர்.

"இது போக ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு, வருசா வருசம் கட்டணும்னு அன்னைக்கே சொன்னேம்மா. 'சீக்கை வெலைக்கு வாங்கச் சொல்லுதீரா'ன்னு சிரிச்சான் உன் புருசன்."

"இப்பக் கட்டுதோம் அண்ணாச்சி."

"வந்த சீக்குக்குத் தரமாட்டாங்கம்மா. வராத முன்னாடி சேர்ந்திருக்கணும்."

"அப்ப எல்.ஐ.சி.?"

"அதுல கடன் கேட்டாலும் கொஞ்சந்தான் தேறும். முழுசா அம்பதாயிரம்..." சுப்புராஜ் நிறுத்திக்கொண்டார். அது எப்போது வரும் என்று பாலம்மாளுக்குத் தெரியும்.

ஆடியில் விசேஷம் வைக்க முடியாது. அந்த மாசம் முழுக்கத் தவசிமுத்து உட்கார்ந்தபடிதான் தூங்கினான். படுத்தால் மூச்சு முட்டியது. ஆவணி பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் பிடித்தார்கள்.

அவன் புதுச் சட்டை போட்டு வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டான். நோய் வெளியே தெரியக்கூடாது. மொய்யில் வாங்கிய பழசைத் திருப்பி, மேலே புதுசாகவும் கொஞ்சம் போடுவதுதான் முறை. அந்தப் புதுசில்தான் அவன் உயிர் இருந்தது.

பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு இலை போனான். ஐந்தாவது இலைக்கு முன்னால் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்ன மாப்ள, சொந்தச் சாம்பாரே தள்ளாட வைக்குதா?" என்று ஒருவன் கேட்க, பந்தியே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பேச்சு குசுகுசுப்பானது.

கை கழுவும் இடத்தில் பாலம்மாள் காதுபடவே ஒருத்தி சொன்னாள்: "ஏட்டி, உம் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு, பழச மட்டும் எழுதட்டும். இவன் போயிட்டா புதுச யாரு திருப்புவா?"

அதற்குப் பிறகு மொய் எழுதுகிறவர் மைக்கில் வாசித்த தொகையெல்லாம் இளைத்துப்போனது. "வ.புதுப்பட்டி மாரிச்சாமி, அம்பத்தோரு ரூவா." எண்பத்திரண்டில் தவசிமுத்து அவர் வீட்டு விசேஷத்தில் போட்ட அதே ஐம்பத்தொன்று. அன்றைக்கு அது ஒரு வாரச் சாப்பாடு. யாரும் ஏமாற்றவில்லை. வாங்கியதைச் சரியாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சமையல், மண்டபச் செலவு போக இருபத்திரண்டாயிரம் நின்றது.

மறுநாள் பாலம்மாள் தாலிக்கொடியைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள். "இதையும் வித்து, மிச்சத்த வட்டிக்கு வாங்குவோம். கெளம்புங்க மதுரைக்கு."

"ஆபரேசன் முடிஞ்சாலும் ஒரு வருசம் கனம் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கடனை யாரு அடைப்பா?"

"நான் அடைப்பேன். தீப்பெட்டி ஒட்டி அடைப்பேன்."

"ஒட்டி ஒட்டி வட்டிக்கே காணாது." அவன் செத்த நேரம் மூச்சு வாங்கினான். "எல்.ஐ.சி. தவணைக் கெடு இன்னைக்கோட முடியுது. இன்னைக்கு விட்டா காலாவதி. பொறவு புதுப்பிக்கணும்னா உடம்பு நல்லாருக்குன்னு எழுதிக் குடுக்கணும். இந்த ஒடம்பை வச்சு என்னத்த எழுத? தவணையக் கட்டிட்டு மிச்சத்த உம் பேர்ல போஸ்டாபீசுல போடுவோம்."

"நீங்க செத்து வர்ற காசு எனக்கு எதுக்கு?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"புள்ளைக்கு வேணும்ட்டி."

அவள் மறித்துப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். விட்டால் வழியில் விழுந்துவிடுவான் என்று பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

எல்.ஐ.சி. ஆபீஸ் கவுண்டரில் பணத்தை எண்ணி வாங்கியவர், "கெடுவுக்குள்ள கட்டிட்டீங்க, நல்ல காரியம்" என்றார். தவசிமுத்து சிரித்தான். பாலம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

திரும்புகையில் நடுப்படியில் அவன் நின்றுவிட்டான். நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டியைத் தொட்டு நடக்கிறவன் இல்லை அவன். இன்று கையை நீட்டி அவள் தோளைப் பிடித்தான். பிள்ளையை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமுமாகத் தாங்கி அவள் இறங்கினாள். இரும்பு தூக்கின ஆள், பிள்ளையைவிடக் கனம் இல்லாமல் இருந்தான்.