ஞாயிறு தவிர்ந்த நாட்கள்

அண்ணன் யூட்டுக்குச் சிறுநீரகம் கொடுக்க ஜெசிதா எட்டுக் கிலோ மெலியவேண்டும். ஞாயிறு தவிர தினமும் குருநகர்க் கரையில் ஒரு மணித்தியாலம் வேர்த்தொழுக நடந்தாள். மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

"உங்கடை தராசு பிழை, மிஸ்," என்று கிளினிக் தாதியிடம் சீறினாள்.

"நடந்தால் பசிக்கும். நடந்தனான்தானே எண்டு கையும் தாராளமாப் போகும். நடக்கிற நாளிலயும் நடக்காத நாளிலயும் வாயில போறதெல்லாத்தையும் கொப்பியில எழுதுங்கோ."

ஒரு கிழமை எழுதினாள். ஞாயிறு காலை இடியப்பம் மட்டும். மற்ற ஆறு நாளும் அதற்கு முன்னால் எண்ணெயில் பொரித்த ஒரு மீன் றோல்ஸ், சீனி போட்ட பால்தேத்தண்ணி. மத்தியானம் இன்னோர் அகப்பை சோறு. நடந்து எரித்ததைவிடத் தின்றது அதிகம் என்று தாதி கூட்டிக் காட்டினாள்.

மறுநாள் அவள் நடந்து வந்தபோது, யூட் வழமைபோல வீட்டு வாசல் படலையில் நின்றான். இரத்தம் சுத்திகரிக்க ஊசி ஏற்றும் கையில் துணிக்கட்டு. மற்றக் கையில் சுடச்சுட றோல்ஸ்.

"எனக்காக நடந்து களைக்கிறாய். சாப்பிடு, பிள்ளை."

அவள் கொப்பியை நீட்டினாள். அவன் நின்றபடியே நெடுநேரம் வாசித்தான்.

"மூண்டு மாதமா என்ரை செத்தவீட்டுக்கு நானே றோல்ஸ் வாங்கியிருக்கிறன்," என்றான்.