கரடியை நேராக வைக்கும் பிரிவு

பொம்மைக் கரடிகளுக்கு மூக்கு ஒட்டுகிற ரோபோ, செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து எல்லா மூக்கையும் இடது கன்னத்தில் ஒட்ட ஆரம்பித்தது. பத்து மணிக்குள் முந்நூறு கரடிகள் பல்வலி வந்ததுபோல வரிசையில் உட்கார்ந்திருந்தன.

தொழிற்சாலையில் எல்லோரும் கேமராக்காரி என்று கூப்பிடுகிற ரோபோ டெக்னீஷியனுக்குக் காரணம் பார்த்ததுமே பிடிபட்டுவிட்டது. ரோபோவின் மணிக்கட்டில் மாட்டிய கேமராவைத் துடைத்த யாரோ அதை இடித்துவிட்டு, நல்லபிள்ளையாகத் திருகாணியையும் முறுக்கிவிட்டிருக்கிறார்கள். கேமரா பதினான்கு மில்லிமீட்டர் நகர்ந்து, லேசாகச் சாய்ந்தும் விட்டது. ரோபோவோ அது பழைய இடத்திலேயே இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. கண் சொல்லும் இடம் ஒன்று, கை போகும் இடம் வேறொன்று.

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமானால் அவள் டெக்னீஷியன். இல்லையென்றால் வீட்டில் சும்மா இருக்கிறவள். நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மேனேஜர் அவளுடைய சொந்தச் சித்தப்பாதான். அதுதான் அவளுடைய கவலையே.

“சித்தப்பா, ஒரு மணி நேரம் லைனை நிறுத்துங்க. கேமரா இப்ப எங்க இருக்குன்னு ரோபோவுக்குத் தெரியற மாதிரி கேலிப்ரேஷன் பண்ணிடறேன்.”

“லைனை நிறுத்தறதா? பதினாலு மில்லிமீட்டருக்கா? கரடி வர்ற பெல்ட்டை அந்தப் பக்கம் பதினாலு தள்ளிடலாம்மா.”

நாலு பேர் சேர்ந்து பெல்ட்டைத் தள்ளினார்கள். கேமரா கரடியைப் புது இடத்தில் பார்த்தது. கையும் புது இடத்துக்கு வந்து, பழையபடி இடது கன்னத்திலேயே ஒட்டியது. சித்தப்பா ரோபோவை முறைத்தார்.

“அப்ப புரோகிராம்ல பதினாலைக் கூட்டிடு.”

“பெல்ட் எந்தப் பக்கம் ஓடுதோ, அந்தக் கணக்குலதான் கூட்ட முடியும். நேரா வர்ற கரடிக்குச் சரியாகும். தலைகீழா வந்தா ரோபோ மணிக்கட்டைத் திருப்பி வச்சுக்கிட்டுதான் படம் எடுக்கும். கேமராவும் சேர்ந்து திரும்பும், தப்பும் எதிர்ப்பக்கம் போயிடும். நாம கூட்டின பதினாலோட சேர்ந்து இருபத்தெட்டு ஆயிடும் சித்தப்பா.”

“நீ முதல்ல கூட்டும்மா.”

கூட்டினாள். நேராக வந்த கரடிகளுக்கு மூக்கு ஓரளவு மூக்கிலேயே விழுந்தது. தலைகீழாக வந்தவற்றுக்குக் காதுக்கே போய்விட்டது. சித்தப்பாவுக்கு அதில் துளியும் கலக்கமில்லை. தலைகீழாக வருவது கரடியின் தப்பு என்று முடிவு கட்டி, மாலைக்குள் எட்டுப் பேரைப் பெல்ட்டின் இருபுறமும் நிறுத்தி, வருகிற கரடிகளையெல்லாம் நேராக வைக்கச் சொன்னார். புதன்கிழமை அது ஒரு பிரிவு ஆனது. அதற்கு நெட்டை என்கிற உயரமான மனிதர் சூப்பர்வைசர் ஆனார். அவர் கழுத்தில் விசில் தொங்கியது.

எட்டுப் பேர் ஒரு இயந்திரத்துக்குப் பணிவிடை செய்வதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட ஒரு அட்டையை ரோபோவுக்கு முன்னால் இருந்த மேசையில் அசையாமல் டேப் போட்டு ஒட்டினாள். ரோபோவின் கையை இருபது நிலைகளில் நிறுத்தினாள். மணிக்கட்டை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்து, திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்தாள். கை எங்கே இருக்கிறது என்று ரோபோ சொல்லும். அட்டை எப்படித் தெரிகிறது என்று கேமரா சொல்லும். அட்டையோ நகரவே இல்லை. அப்படியென்றால் கேமரா கையில் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் இருந்தால் இருபது படங்களிலும் அட்டை ஒரே இடத்தில் இருப்பதாக வரும்? கணினி அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. புது எண்களைப் போட்டாள். கூட்டிவைத்த பதினாலை மறக்காமல் அழித்தாள்.

நேராக ஒரு கரடி, தலைகீழாக ஒன்று, குறுக்காக ஒன்று வைத்துப் பார்த்தாள். மூன்று மூக்கும் கனகச்சிதமாக உட்கார்ந்தன. பசியில் கண் இருட்டினாலும் மனசு குளிர்ந்துபோனது.

மதியத்துக்கு மேல் ஒரு மூக்குகூடப் பிசகவில்லை. சித்தப்பா வந்து நின்று வெகுநேரம் ரசித்தார்.

“பாத்தியாம்மா, நம்ம ஆளுங்க கை பழகிடுச்சு.”

“இல்ல சித்தப்பா, மதியம் நான் கேலிப்ரேஷன் பண்ணினேன்.”

“பண்ணு பண்ணு, அதுவும் ஒரு பக்கம் நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, போய் நெட்டையின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். ரோபோ இப்போது தொந்தரவு தராததால் டெக்னீஷியன் பதவி தேவையில்லை என்றும், அவளுடைய திறமையை வீணாக்காமல் கரடியை நேராக வைக்கும் பிரிவில் ஒன்பதாவது ஆளாகச் சேர்த்திருப்பதாகவும் எழுதியிருந்தது. கழிவறைக்குப் போய் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பெல்ட் பக்கத்தில் நின்றாள்.

நேராக வந்த முதல் கரடியை எடுத்து, வேண்டுமென்றே தலைகீழாக வைத்தாள். ரோபோ மணிக்கட்டைத் திருப்பி, பார்த்து, மூக்கைச் சரியாக மூக்கின் இடத்தில் ஒட்டியது. அடுத்ததைக் குறுக்காக வைத்தாள். அதுவும் சரி. யாராவது பார்க்கிறார்களா என்று நிமிர்ந்தாள்.

நெட்டை பார்த்துவிட்டார். விசில் ஊதினார்.

“ஏம்மா, ஒழுங்கா நேரா வை. ரோபோ குழம்பிடப் போகுது.”